ரத்தம் குறைவாக இருக்கும்போது மூணு மாச சுகரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயசு, குலசேகரம் பக்கம். ஒரு வருஷமா மாதவிடாய் ரொம்ப அதிகமா போகுது, எப்பவும் அசதி. லேபுல பார்த்ததுல வெறும் வயித்துல சுகர் 92, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 128, ஆனா மூணு மாச சுகர் 6.8. ஹீமோகுளோபின் 8.1. 6.5 தாண்டினாலே சுகர்தான், மாத்திரை தொடங்குன்னு அண்ணன் சொல்றார். தொடங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அண்ணன் சொல்லும் 6.5 சரியான எல்லைதான், ஆனால் அது சிவப்பணுக்கள் வழக்கம்போல உண்டாகி வழக்கம்போல அழியும் உடம்புக்கான எல்லை.

உங்கள் ரிப்போர்ட்டையே வைத்து ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். 6.8-ஐ 28.7-ஆல் பெருக்கி, அதிலிருந்து 46.7-ஐக் கழித்தால் சுமார் 148 வரும், அதாவது இந்த டெஸ்ட் சொல்லும் சராசரி சுகர் 148. ஆனால் உங்களுக்கு வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பிறகுகூட 128தான். இரண்டுமே 148-க்குக் கீழே இருந்தால் சராசரி மட்டும் எப்படி அங்கே போய் நிற்கும்? ஒரு நாள் எடுத்த இரண்டு அளவுகள் மூன்று மாதத்துக்குச் சாட்சி ஆகாது, சரிதான். ஆனாலும் இப்படி முரண்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ஏ1சி என்ற அந்த மூணு மாச சுகரைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ரத்தத்தில் உள்ள சர்க்கரை சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால், அந்த அணு சாகும்வரை, ஏறக்குறைய 120 நாள், போகாது. உங்கள் ஊரில் புகைப்புரையில் தொங்கும் ரப்பர் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், நாள் ஆக ஆக நிறம் கூடும். புதுசும் பழசும் கலந்து தொங்கினால் மொத்த நிறத்தை வைத்துப் புகை எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மழையால் பால் வெட்டு நின்று புது ஷீட் வருவது குறைந்துவிட்டால்? தொங்குவதெல்லாம் பழசு, எல்லாமே கறுப்பு, புகை அதிகம் என்று தப்பாகத் தோன்றும். இரும்புச்சத்து இல்லாத உடம்பில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், புது அணுக்கள் வரத்து குறைந்து, சுற்றிவரும் அணுக்களின் சராசரி வயது கூடிவிடுகிறது. சுகர் ஏறாமலே ஏ1சி ஏறுகிறது.

எல்லா ரத்தசோகையும் இப்படி ஏற்றிக் காட்டாது. அணுக்கள் சீக்கிரம் அழியும் வகைகளிலும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் ஏ1சி உண்மையைவிடக் குறைவாகத்தான் பெரும்பாலும் வரும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் சுகர் இருப்பவர் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்.

ஆகவே முதலில் முழு ரத்தப் பரிசோதனையில் எம்சிவி என்ற வரியைப் பாருங்கள், 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. சுகர் இருக்கிறதா என்பதற்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட் போதும், அதற்கு சிவப்பணுவின் வயது தேவையில்லை. அதில் வெறும் வயிற்றில் 126-ஓ, இரண்டு மணி நேரம் கழித்து 200-ஓ அதற்கு மேலோ வந்து, இன்னொரு நாளும் அப்படியே வந்தால், அப்போது அண்ணன் சொன்னதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன், இரும்புக் குறைவு ஏ1சியைக் கொஞ்சம்தான் தள்ளும். 9, 10 என்று வந்திருந்தால் ரத்தசோகையின் மேல் பழி போட்டு நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

இரும்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள், அதோடு கட்டன் சாயா குடிக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரமாவது விடுங்கள். அதைவிட முக்கியம், ரத்தம் ஏன் இவ்வளவு போகிறது என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டி கருப்பை ஸ்கேன் எடுப்பது. ஓட்டையை அடைக்காமல் குடத்தை நிரப்ப முடியாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. இரும்பு உள்ளே போனதும் புது அணுக்கள் கூட்டமாக வந்து ஏ1சி தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் சுகர் மாத்திரையும் சாப்பிட்டிருந்தால், மாத்திரைதான் குறைத்தது என்று எல்லோரும் முடிவு செய்து, பிறகு நிறுத்தவே பயப்படுவீர்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டு மூன்று மாதம் ஆன பிறகு ஏ1சி மறுபடி எடுங்கள், அதுவரை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்க்கும் அளவுகள் போதும்.