மெல்லிய காப்பு சுற்றினால் நீராவிக் குழாயின் வெப்ப இழப்பு கூடுமா?

"காப்பு போட்டால் இழப்பு குறையத்தானே வேண்டும்? மெல்லியதாகச் சுற்றினால் கூடும் என்கிறார்களே, எப்படி?"

கூடும், ஆனால் குழாய் ஒல்லியாகவும் காப்பு மட்டமானதாகவும் இருந்தால்தான். வெப்பம் வெளியேற இரண்டு தடைகள் உண்டு. ஒன்று காப்பின் தடை. தடிமன் ஏற ஏற இது கூடும், ஆனால் மடக்கை வேகத்தில் மெதுவாக. இன்னொன்று மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்துத் தடை. சுற்றளவு பெருகினால் வெப்பம் வெளியேற இடம் கூடுகிறது, இந்தத் தடை குறைகிறது. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் ஆரம்தான் மாறுநிலை ஆரம்: `r = k/h`. இதில் r காப்பின் வெளி ஆரம், k காப்பின் வெப்பக் கடத்துத்திறன், h மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதைச் சொல்லும் கெழு.

ஒரு கணக்கு பார்ப்போம். 10 மி.மீ. விட்டக் குழாய், மேற்பரப்பு 150°C, அறை 30°C, h = 10 W/m²K. வெறும் குழாயில் மீட்டருக்குச் சுமார் 38 வாட் இழப்பு. k = 0.2 W/mK உள்ள பூச்சை 5 மி.மீ. பூசினால் 56 வாட். வெளி ஆரம் 20 மி.மீ. ஆகும்போது உச்சம், 63 வாட். அப்புறம்தான் இறங்கும். பழைய 38-க்குத் திரும்ப ஏறக்குறைய கால் மீட்டர் தடிமன் வேண்டும்! யாரும் பூசமாட்டார்கள்.

அதே குழாயில் கண்ணாடிக் கம்பளி (k சுமார் 0.045) சுற்றினால் மாறுநிலை ஆரம் 4.5 மி.மீ.தான். குழாயின் ஆரமே 5 மி.மீ. என்பதால் முதல் சுற்றிலிருந்தே இழப்பு குறையும். 60 மி.மீ. நீராவிக் குழாயில் அந்தப் பூச்சுகூட இழப்பைக் கூட்டாது. ஒன்று கவனியுங்கள்: கம்பளி நனைந்தால் k பல மடங்கு ஏறும், கணக்கும் மாறிவிடும்.