மூச்சு முட்டும் வாக்கியங்கள்: மொழிபெயர்ப்புக் கேள்வி பதில்

அக்கா, ஆங்கிலக் கட்டுரையிலிருந்து இப்படிப் பெயர்த்திருக்கிறேன். எங்கே வெட்டலாம்? “லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து மருத்துவரான அலெக்சாண்டர் பிளெமிங்கால் 1928-இல் கண்டுபிடிக்கப்பட்ட பெனிசிலின், ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் புளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகியோரால் கையிலெடுக்கப்படும்வரை மருந்தாக உருவாக்கப்படவில்லை.”

மூலத்தில் பெனிசிலின்தானே முதல் சொல்? உங்களிடம் அது பதினொரு சொல் தாண்டி வருகிறது. அதுவரை எதைப் பற்றிய பேச்சு என்றே தெரியாது. பொருளை முன்னால் நிறுத்தத்தான் ஆங்கிலம் செயப்பாட்டுவினைக்குப் போகிறது. நமக்கு ஓர் ‘ஐ’ போதும்:

“பெனிசிலினை 1928-இல் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் பிளெமிங். அப்போது அவர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இருந்தார். ஆக்ஸ்போர்டில் ஹோவர்ட் புளோரியும் எர்ன்ஸ்ட் செயினும் கையிலெடுத்த பிறகுதான் அது மருந்தாயிற்று.”

காற்புள்ளி இருந்த இடத்தில் நான் வெட்டவில்லை, ஒரு செய்தி முடிந்த இடத்தில் வெட்டினேன். ‘வரை… இல்லை’ என்ற சுற்றுவழியும் ‘பிறகுதான்’ என்று நேராகிவிட்டது.

அப்படியென்றால் ‘பட்டது’ எங்கே வந்தாலும் செய்வினையாக்கிவிட வேண்டியதுதானே, மேடம்?

பாதி சரி. ‘ஆல்’ போட்டு ஆளையும் சொல்லியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். “பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது” என்பதை ஏன் தொட வேண்டும்? யார் திறந்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கதையில் “சாலை மூடப்பட்டது” வந்தால் “சாலையை மூடிவிட்டார்கள்” என்பேன். அந்த ‘ஆர்கள்’ யாரென்று வாசகர் கேட்க மாட்டார். “கண்ணாடி உடைக்கப்பட்டது” மட்டும் கவனம். ‘உடைந்தது’ என்றால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் உடைத்தவன் தப்பித்துவிடுவான். வழக்குச் செய்தியில் அது தகவல் பிழை.

எனக்கு வேறு பிரச்சினை. வாடகை ஒப்பந்தம் ஒன்றில் ஒரு பத்தியே ஒரு வாக்கியம். வெட்டிக் கொடுத்தேன், வக்கீல் திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்படி வெட்டியிருப்பீர்கள்: “இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம்.” ‘வைத்தால்’ என்ற நிபந்தனை முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டது. இரண்டாவதைப் படித்தால், பாக்கியே இல்லாவிட்டாலும் காலி செய்யச் சொல்லலாம் போலிருக்கிறது. “அப்படிப் பாக்கி வைத்தால்” என்று திரும்பச் சொல்லுங்கள்.

(இன்னொருவர்) நானும் ஒப்பந்தங்கள் பெயர்ப்பவன். அப்படித் திரும்பச் சொன்னாலும் இரண்டு தனி நிபந்தனை என்று வாதாட இடமிருக்கிறது. நான் வெட்டவே மாட்டேன்.

உங்கள் பயம் புரிகிறது. (அ), (ஆ) என்று உட்பிரிவாக இறக்கினால் நிபந்தனை தலையில் ஒரே முறை நிற்கும். அதையும் வக்கீல் ஏற்பாரா என்பது ஆளைப் பொறுத்தது.

வெட்டிய பிறகு வரிக்கு வரி ‘அவர்’, ‘அவர்’ என்று தொடங்குகிறதே?

அடித்துவிடுங்கள். ‘வந்தார்’ என்பதிலேயே அவர் இருக்கிறார். பத்தியில் இன்னொரு ‘ஆர்’ ஆசாமி நுழைந்தால் மட்டும் பெயரைத் திரும்பச் சொல்லுங்கள்.