பெயர்ப் பலகை செதுக்கும்போது எழும் சில கேள்விகள்

450 மி.மீ. நீளத் தேக்குப் பலகையில் ‘அன்பு இல்லம்’ என்று சிஎன்சி மெஷினில், கூர் நுனி கொண்ட வி-பிட்டால் செதுக்கினேன். இடப்பக்கம் எழுத்துகள் தடித்தும் வலப்பக்கம் மெலிந்தும் வந்துள்ளன. ஃபைலில் எல்லாம் ஒரே தடிமன்தான். மெஷினில் கோளாறா?

மெஷினைச் சந்தேகிப்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். வி-பிட்டுக்கு அகலம் என்று தனியாக எதுவும் கிடையாது. எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு அகலம் விரிகிறது. 90 டிகிரி பிட் 4 மி.மீ. இறங்கினால் மேலே 8 மி.மீ. கோடு விழும். பலகையின் ஒரு முனை அரை மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே பிட் மூன்றரை மி.மீ. மட்டுமே இறங்கும். கோடு 7 மி.மீ. ஆகிவிடும். அரை மி.மீ. வளைவு கண்ணுக்குத் தெரியாது. எழுத்தில் குறையும் 1 மி.மீ. தெருவிலிருந்தே தெரியும்.

சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடமாக Z பூஜ்யம் வைத்த உயரத்திலேயே பிட்டை நான்கு மூலைகளுக்கும் நகர்த்திக் காகிதத்தைச் செருகுங்கள். ஓரிடத்தில் லேசாகப் பிடித்து இன்னோரிடத்தில் தாராளமாக நுழைந்தால் காரணம் அதுதான். பலகையை இறுகப் பிடித்து, தட்டை பிட்டால் மேற்பரப்பு முழுவதையும் அதே மெஷினிலேயே சீவுங்கள். பிறகு பலகையைக் கழற்றாமல், சீவிய பரப்பில் Z பூஜ்யம் வைத்துச் செதுக்குங்கள். வெளியே இழைத்துக் கொண்டுவந்த பலகை எவ்வளவு சமமாக இருந்தாலும், உங்கள் மெஷினின் அச்சுகளுக்கு இணையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சீவ வழியில்லை என்றால் 60 டிகிரி பிட் கைகொடுக்கும். அதே அரை மி.மீ. தவறு அதில் 0.6 மி.மீ. அகல வேறுபாட்டோடு நின்றுவிடும். ஆனால் 8 மி.மீ. கோட்டுக்கு அது ஏறத்தாழ 7 மி.மீ. ஆழம் இறங்கும். 12 மி.மீ. பலகையில் அவ்வளவு ஆழத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், 18 மி.மீ. என்றால் தயங்க வேண்டாம்.

எழுத்துகளுக்குள் தேவையில்லாத குறுக்குச் சுவர்கள் நிற்கின்றன. ஏன்?

வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சில தமிழ் எழுத்துருக்களில் ‘பு’வின் உகரக் கோடும் ‘ப’வும் தனித்தனி மூடிய வடிவங்கள். திரையில் கறுப்பு நிரம்பியிருப்பதால் ஒன்றாகத் தெரியும். செதுக்கும் மென்பொருளோ இரண்டின் எல்லைக் கோட்டையும் சுவராக எடுத்துக்கொள்ளும். இங்க்ஸ்கேப்பில் எழுத்தை `Path > Object to Path` மூலம் வடிவமாக்கி, `Ungroup` செய்து, `Path > Union` கொடுங்கள். பிறகு `Outline` காட்சியில் ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்துப் பலகையை இழந்தவர்கள் பலர். நானும் ஒரு நல்ல தேக்குத் துண்டை இப்படி இழந்திருக்கிறேன்.

இங்க்ஸ்கேப்பில் 600 மி.மீ. வரைந்தது, செதுக்கும் மென்பொருளில் 640 மி.மீ. ஆகத் திறக்கிறது.

இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து அங்குலத்துக்கு 96 புள்ளிகள்; அதற்கு முன் 90. உங்கள் செதுக்கும் மென்பொருள் பழைய கணக்கில் படிக்கிறது. இறக்குமதியில் 96 என்று மாற்றுங்கள், அல்லது 93.75 சதவீதமாகச் சுருக்குங்கள்.

எழுத்து மேலெழும்பி நிற்க, சுற்றிலும் 4 மி.மீ. குடைந்தேன். முதலில் 6 மி.மீ. எண்ட் மில், பிறகு 60 டிகிரி வி-பிட். எழுத்தின் அடியைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்திருக்கிறது. ‘அ’வின் சுழிக்குள் தளமே வரவில்லை.

இவற்றில் முதலாவதுதான் பிழை. பிட்டை மாற்றியபின் வைத்த Z பூஜ்யம், முதல் பிட்டுக்கு வைத்ததைவிடத் தாழ்ந்துவிட்டது. அதனால் வி-பிட்டின் நுனி தளத்தைத் தாண்டிக் கீறியிருக்கிறது. உயர்ந்திருந்தால் பள்ளத்துக்குப் பதில் ஒரு படி நின்றிருக்கும். குடைந்த பகுதியில் பழைய மேற்பரப்பு இருக்காது என்பதால், தொடங்கும் முன்பே கடைசிவரை வெட்டுப்படாத ஓரிடத்தைப் பென்சிலால் குறித்து, இரண்டு பிட்டுகளையும் அங்கேயே தொட்டுப் பூஜ்யம் வையுங்கள்.

சுழியில் நடந்தது வெறும் கணக்கு. 60 டிகிரி பிட் 4 மி.மீ. ஆழம் போக, மேலே 4.6 மி.மீ. இடைவெளி வேண்டும். உங்கள் சுழி 4 மி.மீ. என்றால் மூன்றரை மி.மீ. ஆழத்திலேயே இருபுறச் சரிவுகளும் சந்தித்துவிடும். தட்டைத் தளம் கிடைக்காது. கூம்பு வடிவக் குழிதான் கிடைக்கும். அங்கே தட்டைத் தளம்தான் வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது ஆழத்தை 2 மி.மீ. ஆகக் குறையுங்கள்.

செதுக்கிய எழுத்தில் பூசிய கறுப்பு, மர நார் வழியே வெளியே ஊறுகிறது.

செதுக்கியதும் சீலரை எழுத்துக்குள்ளும் மேற்பரப்பிலும் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். வெளியே வழிந்ததை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் அளவோடு. 90 டிகிரியில் செதுக்கிய பலகையில் 0.3 மி.மீ. தேய்த்தால் ஒவ்வொரு கோடும் 0.6 மி.மீ. மெலிந்துவிடும், ‘ன்’, ‘ல்’ மேல் இருக்கும் சிறிய புள்ளிகளில்தான் அது முதலில் தெரியும்.