கீமோவின்போது எடை குறைகிறது: சாப்பிட விடாமல் தடுப்பது எது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. இரைப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. 21 நாளுக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றுகிறார்கள், கூடவே 14 நாள் கேப்சிடாபின் மாத்திரை. மூன்று சுற்று முடிந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் 64 கிலோ, இப்போது 58. உயரம் 166 செ.மீ. சாயங்காலம் கால் வீங்குகிறது. நாலு வாய் சாப்பிட்டால் போதும் என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். கீமோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். ஆல்புமின் 2.9 இருப்பதால் முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். இது கீமோவால் வருவதா, நோயால் வருவதா? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டாலும்தான். ஆனால் எது எவ்வளவு என்பதை ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும். அதற்கு ஸ்கேனைவிட ஒரு நோட்டுப் புத்தகம் அதிகம் உதவும். முதலில் எடையைப் பார்ப்போம்.

64-இல் 6 கிலோ போயிருக்கிறது என்றால் அது 9 சதவீதத்துக்கும் மேல். புற்றுநோயில் வரும் உடல் நலிவை நாங்கள் கேகெக்சியா என்கிறோம். 2011-இல் பன்னாட்டு நிபுணர்கள் கூடி இதற்கு வகுத்த வரையறைப்படி, வெறும் பட்டினியால் என்று சொல்ல முடியாத நிலையில் ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே அது கேகெக்சியா. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கும், தசை கரைந்தவருக்கும் 2 சதவீதம் தாண்டினாலே போதும். அப்பாவின் பி.எம்.ஐ. இப்போதும் 21 வருகிறது. அதாவது அட்டவணையில் பார்த்தால் 'நார்மல்'. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இன்றைய எடை எவ்வளவு என்பதைவிட, எங்கிருந்து இறங்கி வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கால் வீக்கம். அதில் நிற்கும் நீரும் தராசில் ஏறும். ஒன்றிரண்டு கிலோ நீர் இருந்தால் உண்மையான எடை 58 அல்ல, 56 பக்கம் இருக்கலாம். வயிற்றில் நீர் கோத்தால் கணக்கு இன்னும் ஏமாற்றும்: எடை ஏறுவதுபோலத் தெரியும், தசை கரைந்துகொண்டே இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் கழிவறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். பக்கத்திலேயே 'கால் வீக்கம் உண்டு / இல்லை' என்றும் எழுதுங்கள். கெண்டைக்கால் சுற்றளவை அளக்கச் சொல்லி யாராவது சொன்னால், வீக்கம் இருக்கும்வரை அது பயன்படாது. அதற்குப் பதில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் கைப்பிடி பலம் அளக்கும் கருவி இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஆசிய ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே வந்தால் பலம் குறைவு.

ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் பற்றி ஒரு வார்த்தை. உடலில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், இருப்பதும் ரத்தக் குழாய்க்கு வெளியே கசியும். ஆகவே 2.9 என்பது 'அப்பா முட்டை சாப்பிடவில்லை' என்பதற்கான சான்று அல்ல. நோயின் சூடு எவ்வளவு என்பதைத்தான் அது அதிகம் காட்டுகிறது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும். வெள்ளைக்கரு கொடுங்கள், புரதம் நல்லதுதான். அதனால் அடுத்த ரிப்போர்ட்டில் எண் ஏறும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். (மஞ்சள் கருவை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எடை இறங்கும் மனிதருக்கு அதுவும் வேண்டும்.)

சரி, நோட்டுக்கு வருவோம். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். முதல் கட்டத்தில் தேதியோடு 'கீமோ நாள்' எண்ணையும் எழுதுங்கள். மருந்து ஏற்றிய நாள் 1, அதிலிருந்து 21 வரை. இந்த எண் இல்லாத நோட்டு எனக்குப் பாதிதான் உதவும். அடுத்த கட்டத்தில் சாப்பிட்டது. 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று எழுதாதீர்கள். 'மூன்று இட்லி வைத்தோம், ஒன்றரை சாப்பிட்டார்' என்று எழுதுங்கள். அப்புறம் குமட்டல், பசியின்மை, சீக்கிரம் வயிறு நிறைவது, வாய்வலி, ருசி மாறியது, வலி, களைப்பு ஆகியவற்றுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 0 என்றால் துளியும் இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது. எண்ணை அப்பாதான் சொல்ல வேண்டும், உங்கள் ஊகம் வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் போடும் எண்ணும் நோயாளி சொல்லும் எண்ணும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கடைசியில் மலம் போனதா, எத்தனை முறை, வாந்தி எத்தனை முறை.

இதை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு நோயாளியின் நோட்டைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் போகும் அதே மருந்துகள், ஏறக்குறைய அதே வயது.

நாள் 1 முதல் 4 வரை குமட்டல் 6, 7. சாப்பாடு கால் பங்கு. இது எதிர்பார்த்ததுதான், ஆக்ஸாலிபிளாட்டின் குமட்டல். நாள் 5 முதல் 8 வரை குமட்டல் 4-க்கு இறங்கிவிட்டது, ஆனால் சாப்பாடு ஏறவில்லை. 'வயிறு நிறைந்துவிட்டது' 8. மலம் என்ற கட்டத்தில் நாள் 2-க்குப் பிறகு வரிசையாக 'இல்லை'. குமட்டலுக்குக் கொடுத்த ஆன்டான்செட்ரான் மலத்தை இறுக்கிவிட்டது. ஆறு நாள் மலம் போகாத வயிற்றில் சாதம் எப்படி இறங்கும்? வீட்டில் அதைக் குமட்டல் என்று நினைத்து இன்னும் இரண்டு ஆன்டான்செட்ரான் கொடுத்திருந்தார்கள். நாள் 9 முதல் 13 வரை வாய்வலி 5, 'எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு' என்று மனைவி ஓரத்தில் எழுதியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளைத் திட்டு, பூஞ்சைத் தொற்று.

நான் நேரம் எடுத்துப் பார்த்தது மூன்றாவது வாரம். அப்போது மாத்திரையும் இல்லை, குமட்டல் 1, வாய்வலி 1, மலம் தினமும். ஆனாலும் பசியின்மை 7, சாப்பாடு பாதிதான். அறிகுறிகளெல்லாம் அடங்கிய பிறகும் எஞ்சி நிற்கும் இந்தப் பசியின்மையைத்தான் நோயின் கணக்கில் சேர்க்கிறேன். கட்டியும் அதற்கு எதிராக உடலும் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் மூளையில் பசியை அடக்குகின்றன, தசையையும் கரைக்கின்றன. அதனால் இதைச் சாப்பாட்டால் மட்டும் திருப்ப முடியாது. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் போனதில் பெரும்பகுதி திருப்பக்கூடியது.

அவருக்குச் செய்தது இவ்வளவுதான். அடுத்த சுற்றில் முதல் நாளிலிருந்தே மலமிளக்கி. வாய்ப் பூஞ்சைக்கு மருந்து. ராத்திரி ஒரு வேளை ஓலான்சபின் 2.5 மி.கி. கடைசியில் சொன்னது மனநல மருந்து என்று இணையத்தில் பார்த்துவிட்டு மகன் பதறிப்போனார். புதுச்சேரி ஜிப்மரில் இரைப்பை, கல்லீரல்-கணையம்-பித்தப் பாதை, நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களிடம் இதே அளவை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்வில், 5 சதவீதத்துக்கு மேல் எடை கூடியவர்கள் ஓலான்சபின் எடுத்தவர்களில் 60 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதம். தூக்கம் வரும், சர்க்கரை ஏறலாம், ஆன்டான்செட்ரானும் போகிறது என்றால் ஒரு இ.சி.ஜி. பார்த்துக்கொள்வது நல்லது. குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்தை ஏற்கெனவே எடுத்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்ப்போம். ஸ்டீராய்டும் பசியைத் தூண்டும், ஆனால் அந்தப் பலன் சில வாரம்தான், நீண்டால் தசையை அதுவே தின்னும். அந்த நோயாளிக்கு எடை ஏறிவிடவில்லை. இறங்குவது நின்றது, மூன்றாவது வாரத்தில் சாப்பாடு முக்கால் பங்கானது. இந்த நோயில் நான் அதை நல்ல பலன் என்றே எண்ணுகிறேன்.

அப்பாவின் நோட்டில் நீங்கள் தேடவேண்டியதும் இதுதான்: சாப்பாடு குறையும் நாளில் எந்த எண் ஏறுகிறது? நாலு வாயில் வயிறு நிறைகிறது என்பதால் எனக்கு ஒரு சந்தேகம் கூடுதலாக இருக்கிறது. கட்டி இரைப்பையின் வாயிலை அடைக்கத் தொடங்கினாலும் இப்படித்தான் இருக்கும். நேற்றுச் சாப்பிட்டது இன்று செரிக்காமல் வாந்தியில் வந்தாலோ, வாந்தி எடுத்த உடன் நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னாலோ பசி மருந்து உதவாது. எண்டோஸ்கோப்பி பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும்.

அடைப்பு இல்லை என்றால், கொடுக்கும் உணவின் கனத்தைப் பாருங்கள். அவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,500 முதல் 1,700 கலோரியும் 60 முதல் 85 கிராம் புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நீர்த்த கஞ்சி, ரசம், சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் மோர் எல்லாம் அந்தச் சின்ன இடத்தை நிரப்பிவிட்டு ஒன்றும் தராமல் போய்விடும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு இடையில் கொடுங்கள். கஞ்சி என்றால் கெட்டியாக, பால்பவுடரோ நெய்யோ சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிண்ணம். மருந்து ஏற்றிய முதல் சில நாள்களில் குளிர்ந்தது எதுவும் வேண்டாம். ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றியவர்களுக்குக் குளிர்ந்த நீர் தொண்டையில் பட்டால் மூச்சு அடைப்பதுபோல இருக்கும், அந்தப் பயத்தில் அதற்குப் பிறகு விழுங்கவே தயங்குவார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே சாப்பிடாமல் ஐந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தால், டப்பா உணவை வீட்டில் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். ரத்தம் பார்த்துக்கொண்டு மெல்ல ஏற்ற வேண்டும்.

நான்காவது சுற்றுக்குப் போகும்போது நோட்டைக் கையில் கொடுத்து, 'எடை 9 சதவீதம் குறைந்திருக்கிறது, மருந்தின் அளவை மறுபடி கணக்கிட வேண்டுமா?' என்று நேராகக் கேளுங்கள். கீமோ அளவை உடல் பரப்பை வைத்துத்தான் போடுகிறோம். எடை 10 சதவீதம் மாறினால் பல இடங்களில் மறுபடி கணக்கிடுவார்கள், அப்பா அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். ஊட்டச்சத்து நிபுணர் கையில் பி.ஜி.-எஸ்.ஜி.ஏ. என்ற ஊட்ட நிலை மதிப்பீட்டுப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பச் சொல்லுங்கள். அதில் எடை, சாப்பாடு, அறிகுறிகள், நடமாட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 9 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் உடனே தலையிட வேண்டும் என்று பொருள்.

சுற்று நாளுக்காகக் காத்திருக்கக் கூடாத சில நிலைகளும் உண்டு. வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு, இரவில் எழுந்து போகவேண்டிய நிலை, சாப்பிடவே முடியாத அளவுக்கு வாய்ப்புண் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கேப்சிடாபின் வேளையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை என்றாலும் போனோடு நிற்காமல் நேரே கிளம்பிவிடுங்கள், இரவானாலும்.