‘கோப்புறையைக் காணவில்லை’ என்று எழுதினால் போதுமா?

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். S: டிரைவில் நாங்கள் நால்வரும் பயன்படுத்தும் பகிர்வுக் கோப்புறை திங்கட்கிழமை காலையில் காணாமற்போய்விட்டது. கோட்டையில் உள்ள தலைமை அலுவலகத்தின் கணினித் தொழில்நுட்பவியலாளருக்கு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பிவிட்டேன். ‘விபரம் போதாது’ என்றே பதில் வருகிறது. எதைத்தான் எழுதுவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் திரையில் S: என்ற டிரைவே இல்லையா, அல்லது அது திறந்தும் உள்ளே இருந்த கோப்புறை மட்டும் இல்லையா என்பதை முதலில் எழுதுங்கள். டிரைவே இல்லையென்றால் பெரும்பாலும் உங்கள் கணினிக்கும் கோப்புகளை வைத்திருக்கும் சேர்வருக்கும் இடையிலான தொடர்பில்தான் கோளாறு இருக்கும். கோப்புகள் பத்திரமாகவே இருக்கக்கூடும். டிரைவ் திறக்கிறது என்றால், மற்ற மூவரின் கணினிகளிலும் போய்ப் பாருங்கள். அவர்களுக்குத் தெரிந்து உங்களுக்கு மட்டும் தெரியாவிட்டால் உங்கள் அனுமதி மாறியிருக்கலாம், ஏனெனில் சில சேர்வர்களில் அனுமதி இல்லாதவரின் கண்ணுக்குக் கோப்புறையே படாதபடி அமைத்திருப்பார்கள். நால்வருக்கும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் யாரோ அழித்திருப்பார்கள் அல்லது இடம் மாற்றியிருப்பார்கள்.

இந்த இடமாற்றம் நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. முன்பு நான் வேலை செய்த அலுவலகம் ஒன்றில் இப்படித் தொலைந்த கோப்புறையை இரண்டு நாட்கள் தேடினோம். மவுஸ் கை தவறி இழுபட்டு, அது பக்கத்துக் கோப்புறைக்குள் போய் விழுந்திருந்தது. அதன் சரியான பெயரை எவரும் எழுதிக் கொடுக்காததால்தான் அவ்வளவு நேரம் வீணானது.

அடுத்தது முழு முகவரி. உங்கள் கணினியில் S: என்று இருப்பது இன்னொருவரின் கணினியில் வேறோர் எழுத்தாக இருக்கலாம் என்பதால், அந்த எழுத்தை வைத்துத் தொழில்நுட்பவியலாளரால் சேர்வரில் எதையும் தேட முடியாது. Command Prompt என்பதைத் திறந்து இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
net use
```

S: என்பதற்கு நேரே, Remote என்ற தலைப்பின் கீழ், இரட்டைச் சாய்கோட்டுடன் தொடங்கும் முகவரியை அப்படியே எடுத்து, அதன் பின்னால் கோப்புறையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிழைச் செய்தி ஏதும் வந்தால் அதையும் திரையில் உள்ள ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்க வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது நேரம். சேர்வரில் உள்ளதை அழித்தால் அது உங்கள் கணினியின் Recycle Bin பகுதிக்கு வராது. சேர்வர் எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளிலிருந்துதான் மீட்க வேண்டும். விண்டோஸ் சேர்வரில் அந்த வசதியை இயக்கியவுடன் இருக்கும் அமைப்பின்படி, வாரநாட்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் பிரதி எடுக்கப்படும். உங்கள் அலுவலகத்தில் வேறு நேரங்கள் வைத்திருக்கவும் கூடும். நீங்கள் ‘போன வாரம் இருந்தது’ என்று எழுதினால், அவர் புதன்கிழமைப் பிரதியை மீட்டுத் தந்து, வியாழனும் வெள்ளியும் பதிந்த வவுச்சர்கள் இல்லாமற்போகலாம். கடைசியாகக் கண்ட நேரத்தையும் இல்லையென்று அறிந்த நேரத்தையும் கொடுத்தால், இடையில் எந்தப் பிரதியைத் திறந்து பார்ப்பது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

உங்கள் மின்னஞ்சலை இப்படி அமைக்கலாம்:

> பொருள்: Vouchers_2024 கோப்புறை காணப்படவில்லை – கணக்குப் பிரிவு, பம்பலப்பிட்டி
>
> மதிப்புக்குரிய ஐயா,
>
> S: டிரைவ் திறக்கிறது. அதற்குள் இருந்த Vouchers_2024 என்ற கோப்புறை மட்டும் இல்லை. அதன் முழு முகவரி \\FS01\Accounts\Vouchers_2024 ஆகும். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எங்கள் பிரிவின் நான்கு கணினிகளிலும் இதே நிலைதான்.
>
> வெள்ளிக்கிழமை முற்பகல் 11.30 மணிக்கு அதில் July.xlsx என்ற கோப்பைச் சேமித்தேன். திங்கட்கிழமை காலை 8.40 மணிக்குப் பார்த்தபோது கோப்புறை இல்லை. வெள்ளி பிற்பகல் எங்களில் ஒருவர் அதே டிரைவில் பழைய கோப்புறைகளை ஒழுங்குபடுத்தியதாகக் கூறுகிறார். வேறிடத்துக்கு நகர்ந்துள்ளதா என்று முதலில் தேடிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எனது கணினியின் பெயர் ACC-03. திரையின் படத்தை இணைத்துள்ளேன்.

கணினியின் பெயரை அறிய, அதே Command Prompt திரையில் hostname என்று தட்டச்சு செய்தால் போதும். கடவுச்சொல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம். ஒழுங்குபடுத்தியவரின் பெயரையும் தவிர்த்து விடுங்கள். தேவையென்றால் தொழில்நுட்பவியலாளரே கேட்டுக்கொள்வார்.

பதில் வரும்வரை அதே பெயரில் புதிய கோப்புறை திறக்க வேண்டாம் என்று மற்ற மூவரிடமும் இன்றே சொல்லுங்கள். பழையதை மீட்டு அதே இடத்தில் வைக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து, ஒரே பெயருள்ள கோப்புகளில் ஒன்று மற்றதன் மேல் எழுதப்பட்டுவிடலாம். அதுவரை புதிய வவுச்சர்களை ஒருவரின் கணினியில், அன்றைய திகதியைப் பெயராக இட்ட தனிக் கோப்புறையில் சேமித்து வையுங்கள்.