நாமளே எடுத்து குடுத்துட்டா அது வழிப்பறி ஆகாதா?

"சார், போன வாரம் நைட் 11 மணிக்கு பைபாஸ்ல பைக்கை மறிச்சு நாலு பேர் கத்தி காட்டினாங்க, இன்னொருத்தன் தள்ளி நின்னு ரோட்டை பாத்துட்டு இருந்தான். பயத்துல நானே 8,000 ஜிபே பண்ணி போனையும் குடுத்துட்டேன். மறுநாள் போன்ல இருந்த போட்டோவை போடுவோம், 20,000 குடுன்னு தம்பி நம்பருக்கு கூப்பிட்டாங்க. எஃப்ஐஆர்ல வெறும் திருட்டுன்னு இருக்கு. நீயே குடுத்ததால வழிப்பறி வராதுன்னு பிரெண்டு சொல்றான். சரியா?"

பிரெண்டு சொல்றது தப்பு தம்பி. திருட்டுன்னா உங்க சம்மதம் இல்லாம எடுக்கறது, பஸ் கூட்டத்துல பாக்கெட்ல இருந்து போனை உருவுற மாதிரி, அது பிஎன்எஸ்ங்கற இப்போதைய தண்டனைச் சட்டத்துல 303வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பயமுறுத்தி உங்க கையாலேயே குடுக்க வெச்சா மிரட்டிப் பறித்தல், 308, ஏழு வருஷம் வரைக்கும். இப்ப முக்கியமான இடம், மிரட்டுறவன் உங்க எதிர்லயே நின்னு "இப்பவே குத்திடுவேன்"ங்கற பயத்தை உண்டாக்கி அங்கயே வாங்கிட்டான்னா அந்த மிரட்டல் 309 வழிப்பறியா மாறிடும். நீங்க கைய நீட்டி குடுத்தீங்கங்கறது அவனை காப்பாத்தாது, அந்த ஜிபே 8,000 ரூபாய்க்கும் இதேதான். இதுக்கு பத்து வருஷம் வரைக்கும், நெடுஞ்சாலைல ராத்திரி நேரம்னா பதினாலு.

திருட்டும் இப்படி மாறும், பாக்கெட் அடிச்சவன் தப்பிக்கறப்ப எடுத்த பொருளோட போறதுக்காக உங்களை அடிச்சான்னா வழிப்பறி, பொருளை கீழ போட்டுட்டு தான் தப்பிக்க மட்டும் அடிச்சான்னா திருட்டும் அடிதடியும் தனித்தனி.

அடுத்து அந்த அஞ்சாவது ஆளு. வழிப்பறில அஞ்சு பேர் சேர்ந்தா 310 கூட்டுக்கொள்ளை, ஆயுள் வரைக்கும் போகும், கூட இருந்து உதவி பண்ணவனும் அந்த அஞ்சுல சேர்த்திதான், கத்தி பிடிக்கணும்னு இல்ல. ஆனா அவன் சும்மா வேடிக்கை பாத்தவன்னு எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் சொல்வாரு, அதனால அவன் குரல் குடுத்தானா, யார் பைக்ல ஏறி போனான்னு ஞாபகம் இருக்கறத மட்டும் சொல்லுங்க, இல்லாததை சேர்க்காதீங்க. அவன் சேரலைன்னா நாலு பேர் வழிப்பறியா நிக்கும்.

மறுநாள் கால் வந்தது தனி குற்றம். எதிர்ல யாரும் இல்ல, அந்த நொடி அடிபடற பயமும் இல்ல, அதனால அது 308லயே நிக்கும், பணம் குடுக்காததால அதோட முயற்சி. குடுத்துடாதீங்க, கால் ஹிஸ்டரியையும் அழிக்காதீங்க.

எஃப்ஐஆர் காப்பிய எடுத்து பாருங்க, கத்தின்னு ஒரு வார்த்தை இருக்கான்னு. பல கேஸ்ல "போனை பறித்துச் சென்றனர்"னு ஒரே வரி இருக்கும், செக்‌ஷன் குறையறது அங்கதான். கத்தி, அஞ்சு பேர், ஜிபே போன நேரம், மறுநாள் கால் எல்லாத்தையும் எழுதி விசாரணை அதிகாரிகிட்ட குடுத்து செக்‌ஷனை மாத்தச் சொல்லுங்க, ரசீது வாங்கிக்குங்க, ஜிபே ஸ்டேட்மென்டை சேர்த்து வைங்க. அவர் மாத்தலைன்னா எஸ்பிக்கு பதிவுத் தபால், அப்பவும் அசையலைன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடலாம்.