ஒரு இலட்சம் ரூபாய்ச் சம்பளம் உண்மையில் எவ்வளவு? – கேள்வி பதில்

கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினெட்டு வருடம் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். 2022 தொடங்கியதிலிருந்து என் சம்பளத்தை மாதாமாதம் டொலருக்கு மாற்றி ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். உண்மையான தொகையைச் சொல்லப் போவதில்லை, மாதம் ஒரு இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கும் சுலபமாகிவிடும். கேளுங்கள்.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, சம்பளம் வந்த அன்றைய டொலர் விலையால் வகுத்தால் போதுமா? வங்கிப் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு போடுகிறார்களே, எதை எடுப்பது?

எதை எடுத்தாலும் சரி, டீச்சர், ஆனால் ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் இன்னொன்று என்று மாற்றக்கூடாது. நான் விற்கும் விலையை எடுக்கிறேன். என் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வங்கி எனக்கு எத்தனை டொலர் தரும் என்பதுதான் என் கேள்வி என்பதால்.

திகதி விஷயம்தான் சிக்கல். அமைதியான மாதத்தில் எந்த நாளை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் 2022 பெப்ரவரி 25 வந்த சம்பளத்தைப் பாருங்கள். அன்று டொலர் 203 ரூபாய் அளவில், அதாவது கையில் 493 டொலர். மார்ச் 7 அன்று மத்திய வங்கி டொலர் விலைமேல் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. மாதக் கடைசியில் ஒரு டொலர் கிட்டத்தட்ட 299. சம்பளத்தில் பாதியைச் செலவழிக்காமல் அதுவரை வைத்திருந்தவருக்கு, 246 டொலராக இருந்த அந்தப் பாதி 167 ஆகிவிட்டது, ஒரு சதம் செலவழிக்காமலே. சம்பளம் ஒரு நாளில் வருகிறது, செலவு முப்பது நாளில் போகிறது. அதனால் நான் அந்த மாதத்தின் சராசரி விலையால் வகுக்கிறேன். மார்ச் 2022 மாதிரி மாதங்களுக்கு மட்டும் கடைசி நாள் விலையையும் பக்கத்தில் எழுதி வைப்பேன்.

மருதானையில் கடை வைத்திருப்பவர்: அந்த 203 என்பதே பொய் விலை. அந்த நேரம் வங்கியில் போய் டொலர் கேட்டுப் பார்த்தீர்களா? வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரன் அதைவிடக் கூடத்தான் கொடுத்தான். உங்கள் 493 தொடக்கத்திலேயே பிழை.

அண்ணன் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. பலகையில் 203 இருந்தது, டொலர் இருக்கவில்லை. நீங்கள் பேச்சுக்கு 240 என்று எடுத்தால் என் சம்பளம் தொடக்கத்தில் 417 டொலர்தான். மே நடுவில் டொலர் 360 ஆனபோது அது 278. 493-இலிருந்து பார்த்தால் 44 சதவீதம் போய்விட்டது, 417-இலிருந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒரே ஆள், ஒரே சம்பளம், தொடக்கப் புள்ளியை மாற்றியதும் கதை மாறுகிறது.

ஆனாலும் 203-ஐ முழுப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2021 டிசம்பர் கடைசியில் நான் ஒரு லீட்டர் பெற்றோல் 177 ரூபாய்க்கு அடித்தேன். அந்த விலை 203-ஐ நம்பித்தான் நின்றது. எனக்கு அது உண்மையாகக் கிடைத்த விலை. நீங்கள் உதிரிப்பாகம் இறக்குபவர் என்றால் உங்களுக்கு அது கிடைக்கவில்லை.

அதே கடைக்காரர்: அப்போ வரிசையில் நின்ற நேரத்துக்கு யார் விலை போடுவது?

அதற்கு என் கொப்பியில் பத்தி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மனிதவளப் பகுதியில் வேலை செய்யும் தம்பி: ரூபாய் 44 சதவீதம் விழுந்தது என்றால், 44 சதவீதம் சம்பள உயர்வு கொடுத்தால் சமன் ஆகிவிடும்தானே அண்ணா? எங்கள் முதலாளிக்கு அப்படித்தான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

ஐயோ தம்பி, அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கு. ஒரு இலட்சத்தை 144,000 ஆக்கி 360-ஆல் வகுத்துப் பார், 400 டொலர்தான் வரும், 493 இல்லை. இறங்கினதும் ஏறவேண்டியதும் ஒரே சதவீதம் ஆகாது, ஏனென்றால் ஏறுவது சின்னத் தொகையிலிருந்து. டொலர் 203-இலிருந்து 360-க்குப் போனது 77 சதவீத ஏற்றம். பழைய டொலர் மதிப்பு வேண்டுமென்றால் சம்பளமும் அதே 77 சதவீதம் ஏறவேண்டும், அதாவது ஏறத்தாழ 177,000. எங்கள் இடத்தில் 2022 ஜூலையில் 20 சதவீதம் கூட்டி, வாழ்க்கைச் செலவை ஈடுசெய்ததாகக் கடிதமும் தந்தார்கள். 120,000 என்பது 333 டொலர். கடிதத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், வேறென்ன செய்வது.

மட்டக்களப்பிலிருந்து ஒரு அக்கா: நான் டொலர் வாங்குவதில்லை, தேங்காயும் மீனும்தான் வாங்குகிறேன். எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?

இதுதான் சரியான கேள்வி அக்கா. டொலர்ப் பத்தி ஒன்றை மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஏமாந்தோம், நானும்தான். 2022 மே நடுவிலிருந்து அடுத்த பெப்ரவரி வரை டொலர் 360 பக்கத்திலேயே நின்றது. மத்திய வங்கி தினமும் ஒரு நடு விலையை அறிவித்து அதைச் சுற்றிப் பிடித்து வைத்திருந்தது. ஜூலையில் கூட்டிய 20 சதவீதத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், என் கொப்பியில் ஒன்பது மாதம் 278, 277, 275 என்றே ஓடுகிறது. அதைப் பார்த்தால் மேக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றும். சமையலறையில் நடந்தது வேறு.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். 2022 மேயில் விலைகள் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 39.1 சதவீதம் கூட. கூடாத ஒரு இலட்சத்தை 1.391-ஆல் வகுத்தால், முந்தைய வருடக் கணக்கில் கையில் 72,000 ரூபாய்ச் சாமான். டொலரிலோ அதற்குள் 56 சதவீதம்தான் மிச்சம். செப்டெம்பரில் விலையேற்றம் 69.8 சதவீதம், அதே ஒரு இலட்சம் இப்போது 59,000 ரூபாய்ச் சாமான். அதாவது டொலர்க் கணக்கில் சம்பளம் ஒரே மூச்சில் முதலில் விழுந்தது, கடை விலை அதன் பின்னால் நான்கைந்து மாதம் மூச்சுவாங்கி ஏறி வந்து பிடித்தது. டொலர்ப் பத்தி வரப்போவதைக் காட்டுகிறது, விலைப் பத்தி வந்துவிட்டதைக் காட்டுகிறது. உங்களுக்கு இரண்டும் வேண்டும்.

தேங்காய் உள்ளூர்தான், ஆனால் அதை ஏற்றிவரும் லொறிக்கு டீசல் ஊற்றவேண்டும்.

பெற்றோலில் இன்னொரு வேடிக்கை. 2022 ஜூன் கடைசியில் லீட்டர் 470. ஒரு இலட்சத்தில் முன்பு 565 லீட்டர் வாங்கலாம், அப்போது 213-தான். டொலரில் சம்பளம் 44 சதவீதம் இறங்கியது, பெற்றோலில் 62 சதவீதம். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் ஏறியிருந்தது, இங்கே அரசு தாங்கிக்கொண்டிருந்த நட்டத்தையும் விலையில் ஏற்றினார்கள். டொலரும் கல்லில் வெட்டினதில்லை, 2022 ஜூனில் அமெரிக்காவிலேயே பணவீக்கம் 9.1 சதவீதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி: நான் வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன், மாதம் 800 டொலர். அப்போ இந்தக் கணக்கில் எனக்கு எவ்வளவு நட்டம்?

தம்பி, நாங்கள் ரூபாயில் சம்பளம் வாங்குபவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், உன் கதை தலைகீழ். இருந்தாலும் போட்டுப் பார்க்கலாம், அதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது.

203-இல் உனக்கு 162,400 ரூபாய். 360-இல் 288,000. 2022 மேயில் அதை விலையேற்றத்தால் வகுத்தால் 207,000 வரும், நல்ல இலாபம், அந்த நாட்களில் உன் மாதிரிப் பெடியள் மோட்டார் சைக்கிள் விலை விசாரித்துத் திரிந்ததும் ஞாபகம் இருக்கிறது. செப்டெம்பரில் வகுத்தால் 170,000-க்குக் கொஞ்சம் குறைவு. கடை விலை பிடித்துவிட்டது, இலாபம் போய்விட்டது. பிறகு 2023-இல் ரூபாய் பலமானது. செப்டெம்பரில் டொலர் 323 அளவில், உனக்கு 258,400. விலைகள் முந்தைய செப்டெம்பரை விட 1.3 சதவீதம் கூடத்தான் நின்றன, இறங்கவில்லை. இரண்டு வருட விலையேற்றத்தையும் கழித்தால் 150,000. தொடங்கிய இடத்துக்கும் கீழே.

வவுனியா ஆசிரியை மீண்டும்: 1.3 சதவீதம் என்றால் சாமான் விலை இறங்கியது என்றுதானே டிவியில் சொன்னார்கள்?

இல்லை டீச்சர். ஏறும் வேகம்தான் குறைந்தது. 69.8 சதவீதம் ஏறி நின்ற விலையின் மேல் இன்னும் 1.3. உங்கள் சம்பளம் அப்படியே இருந்திருந்தால் டொலர்ப் பத்தியில் 276-இலிருந்து 310-க்கு ஏறியிருக்கும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். விலைப் பத்தியிலோ 59,000 இருந்த இடத்தில் 58,000.

சென்னையிலிருந்து ஒருவர்: இதை கூகுள் ஷீட்டில் தானாக எடுக்க முடியுமா சார்?

முடியும். A பத்தியில் திகதி, B-யில் கையில் வந்த சம்பளம், C-யில் இது:

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:USDLKR","price",A2),2,2)
```

D-யில் `=B2/C2`. உங்கள் ரூபாய்க்கு LKR இருக்கும் இடத்தில் INR போடுங்கள். ஒன்று கவனம், இது சந்தை விலை, வங்கி உங்களுக்குத் தரும் விலை அல்ல. அரசு விலையைக் கட்டிப் பிடித்திருக்கும் காலத்தில் இது மருதானை அண்ணன் சொன்ன பிழையைத்தான் அழகாக வரைந்து காட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: கணவர் கத்தாரில். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞர். என் சம்பளத்தை ரியாலில் எழுதி வைக்கலாமா, எங்களுக்கு அதுதான் பழக்கம்.

தாராளமாக. கத்தார் ரியால் டொலருக்கு 3.64 என்று வருடக்கணக்காகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் டொலரில் போட்டாலும் ரியாலில் போட்டாலும் கோடு ஒரே மாதிரித்தான் ஏறி இறங்கும். ஆனால் அவர் அனுப்பும் பணத்தையும் உங்கள் சம்பளத்தையும் ஒரே பத்தியில் கூட்டாதீர்கள், ஒன்று விழும்போது மற்றது ஏறுகிறது, கூட்டினால் இரண்டும் தெரியாது. ஒவ்வொரு வரியிலும் திகதியை எழுதுங்கள். என் கொப்பியில் 2022 மார்ச்சுக்கு இரண்டு வரி இருக்கிறது, ஒன்றில் திகதி இல்லை, அது வங்கி விலையா உண்டியல் விலையா என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை.